காசநோய் முகாமில் எக்ஸ்ரே மாடல்: ரீகாலா, பிரிசிஷனா? வரம்பை எங்கே வைப்பது

ஒரு வட்டாரத்தில் முகாம் போட்டு 15 வயதுக்கு மேற்பட்ட 10,000 பேருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்போகிறீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாடல் ஒரு மதிப்பெண் தரும். அந்த மதிப்பெண் எதைத் தாண்டினால் சளி மாதிரி வாங்கி எக்ஸ்பெர்ட் அல்ட்ரா மாதிரியான மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது? இந்த வழிகாட்டி அந்த ஒரு எண்ணை முடிவு செய்வதைப் பற்றியது. நோய் காசநோய்தான் என்பதை மனதில் வைத்தே படியுங்கள். வேறு நோய்க்கு இதே கணக்கு வேறு விடை தரும்.

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2019–21இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், நுரையீரல் காசநோய் உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் தவறிப்போயிருப்பார்கள் என்று தெரிந்தது. இருமல் இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்று கேட்பதோடு நிறுத்த முடியாது என்பதற்கு அதுவே சான்று. அதே 2021இல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் படத்தைப் பார்த்துத் தரம்பிரிக்க மருத்துவருக்குப் பதில் மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் வரம்பு மதிப்பெண் இதுதான் என்று எல்லா ஊருக்கும் பொதுவாக யாராலும் சொல்ல முடியாது. அதை நீங்களே வைக்க வேண்டும்.

## சொற்களை முதலில் நேராக்கிக்கொள்வோம்

‘துல்லியம்’ என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் தவிர்த்திருக்கிறோம். தமிழில் அது அக்யூரசிக்கும் வருகிறது, பிரிசிஷனுக்கும் வருகிறது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் இன்னொன்றையும் நினைத்துத் தலையாட்டுவார்கள்.

ரீகால் என்பது நோயுள்ள 100 பேரில் எத்தனை பேரை மாடல் பிடித்தது என்பது. மருத்துவர்கள் இதையே சென்சிடிவிட்டி என்பார்கள். பிரிசிஷன் என்பது மாடல் ‘சந்தேகம்’ என்று காட்டிய 100 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்பது. ஸ்பெசிஃபிசிட்டி என்று மூன்றாவது ஒன்றும் தேவைப்படும்: நோயில்லாத 100 பேரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவைத்தது என்பது.

மொத்தப் பேரில் எத்தனை பேரைச் சரியாகச் சொன்னது என்று காட்டும் அக்யூரசியை இப்போதே ஓரம் கட்டிவிடலாம். 10,000 பேரில் 50 பேருக்கு நோய் என்றால், ஒருவரைக்கூடச் சந்தேகிக்காத மாடலுக்கு 99.5 சதவீத அக்யூரசி கிடைத்துவிடும்.

## படி 1: உங்கள் முகாமின் நோய் விகிதத்தை எழுதுங்கள்

மாடலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நாம் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10,000 பேரில் 50 நோயாளிகள், 9,950 பேர் நோயில்லாதவர்கள்.

இந்த எண் ஏன் முதலில் வேண்டும்? ரீகாலையும் ஸ்பெசிஃபிசிட்டியையும் ஓரளவுக்கு மாடலோடு சேர்ந்து வரும் குணங்கள் எனலாம். பிரிசிஷன் அப்படி இல்லை. அது மாடலுக்கும் ஊருக்கும் பொதுவானது. ரீகால் 90, ஸ்பெசிஃபிசிட்டி 70 உள்ள ஒரு மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் காசநோய்த் தரம்பிரிக்கும் சோதனைக்குக் குறைந்தபட்சமாக வைத்திருக்கும் இலக்கும் இதுதான். நம் முகாமில் அது 50 நோயாளிகளில் 45 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 2,985 பேரையும் சேர்த்து இழுத்துவரும். மொத்தம் 3,030 பேரில் 45 பேர், பிரிசிஷன் 1.5 சதவீதம்.

அதே மாடலை, அதே வரம்போடு, பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் நெஞ்சுநோய்ப் பிரிவில் வைத்தால் பிரிசிஷன் 25 சதவீதம். மாடலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆகவே விற்பனையாளர் காட்டும் அறிக்கையில் பிரிசிஷன் எண் இருந்தால், எந்த ஊரில், எத்தனை பேருக்கு நோய் இருந்த கூட்டத்தில் அளந்தது என்று கேளுங்கள். அது தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது.

## படி 2: F1-ஐ வைத்து வரம்பைத் தேடாதீர்கள்

ரீகாலையும் பிரிசிஷனையும் கலந்து ஒரே எண்ணாக்குவது F1. மாடல் கட்டுபவர்களின் கை தன்னாலே போகும் இடம் அது. ஒரே மாடலின் மூன்று வரம்புகளை நம் முகாமில் வைத்துப் பார்க்கலாம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

| வரம்பு | ரீகால் | ஸ்பெசிஃபிசிட்டி | பிடிபடும் நோயாளிகள் | வீண் சந்தேகம் | பிரிசிஷன் | F1 |
|---|---|---|---|---|---|---|
| அ (தாழ்வானது) | 90% | 70% | 45 | 2,985 | 1.5% | 0.03 |
| ஆ (நடு) | 80% | 90% | 40 | 995 | 3.9% | 0.07 |
| இ (உயரமானது) | 40% | 99.5% | 20 | 50 | 28.6% | 0.33 |

F1 எதைத் தேர்ந்தெடுக்கிறது பாருங்கள். 50 நோயாளிகளில் 30 பேரை வீட்டுக்கு அனுப்பும் ‘இ’ வரம்பு, மற்ற இரண்டையும் விடப் பல மடங்கு உயரத்தில் நிற்கிறது. சரி, ரீகாலுக்கு அதிக எடை தரும் F2-வைப் பார்க்கலாம் என்று தோன்றும். அதிலும் ‘இ’ 0.37, ‘ஆ’ 0.16, ‘அ’ 0.07 என்றுதான் வருகிறது. நோய் அரிதாக இருக்கும்போது பிரிசிஷன் மிகச் சிறிய எண்ணாகிவிடுகிறது. இரண்டையும் கலக்கும் சூத்திரம், ரீகாலின் எடையை மிக அதிகமாக்காதவரை, அந்தச் சிறிய எண்ணின் பிடியில் போய்விடும். எடையை மாற்றினால் தேர்வும் மாறும் என்பதால், இரண்டு என்று வைப்பதா, ஐந்து என்று வைப்பதா என்று திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டையும் கலக்காமல் தனித்தனியே வைத்துக்கொள்வதே வழி: ரீகாலுக்கு ஒரு தளம், அதாவது அதற்குக் கீழே இறங்கக் கூடாத எல்லை; பிரிசிஷனுக்கு ஒரு செலவுக் கணக்கு.

## படி 3: ரீகால் தளத்தைப் போட்டுப் பாருங்கள்

காசநோயில் ரீகால் முன்னே நிற்பதற்குக் காரணம், இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. வீணாகச் சந்தேகப்பட்டவர் ஒரு டப்பாவில் சளி கொடுக்கிறார், ஓரிரு நாள் கவலைப்படுகிறார், பரிசோதனை அவரை விடுவிக்கிறது. தவறிப்போனவரோ ‘ஒன்றுமில்லை’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போகிறார். பிறகு இருமல் முற்றினாலும், முகாமிலேயே பார்த்துவிட்டார்களே என்று மருத்துவமனைக்கு வரத் தாமதிப்பார். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றக்கூடும்.

தளத்தைக் கொடுத்தால் வரம்பைத் தேடித் தரும் சிறு நிரல் இது. `y` என்பது பரிசோதனையில் உறுதியான முடிவு, `s` மாடலின் மதிப்பெண், `prev` நீங்கள் முதல் படியில் எழுதிய விகிதம்.

```python
import numpy as np
from sklearn.metrics import roc_curve

def pick(y, s, floor=0.90, prev=0.005):
    fpr, tpr, thr = roc_curve(y, s, drop_intermediate=False)
    i = np.argmax(tpr >= floor)
    flag = tpr[i] * prev + fpr[i] * (1 - prev)
    ppv = tpr[i] * prev / flag
    return thr[i], tpr[i], 1 - fpr[i], flag, ppv
```

தளத்தைத் தொடும் வரம்புகளில் மிக உயரமானதை இது எடுக்கும். `flag` என்பது முகாமில் எத்தனை பங்கு பேர் சளி கொடுக்க வேண்டியிருக்கும் என்பது. `ppv` என்பது பிரிசிஷன். `prev`-ஐ வெளியிலிருந்து கொடுப்பதைக் கவனியுங்கள். உங்கள் சோதனைத் தரவில் நோயாளிகள் பாதிக்குப் பாதி இருந்தால், அதிலிருந்து நேராகக் கணக்கிட்ட பிரிசிஷன் முகாமுக்கு உதவாது.

தரவில் எத்தனை நோயாளிகள் வேண்டும் என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். 50 நோயாளிகளில் 45 பேர் பிடிபட்டால் ரீகால் 90 என்று எழுதிவிடுவோம். ஆனால் 95 சதவீத நம்பக எல்லை ஏறக்குறைய 79இலிருந்து 96 வரை போகிறது. 200 நோயாளிகளில் 180 என்றால் 85இலிருந்து 93. மொத்தப் படங்கள் ஒரு லட்சம் இருந்தாலும் ரீகாலின் நம்பகத்தை முடிவு செய்வது அதில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கை மட்டுமே.

## படி 4: கடைசியாகச் சேர்த்த நோயாளியின் விலை என்ன?

சராசரி பிரிசிஷன் ஏமாற்றும். ‘அ’ வரம்பில் 67 பேருக்குப் பரிசோதனை செய்தால் ஒரு நோயாளி கிடைக்கிறார், பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ‘ஆ’விலிருந்து ‘அ’வுக்கு இறங்கும்போது என்ன நடக்கிறது என்று தனியாகப் பாருங்கள். சந்தேகப் பட்டியலில் 1,995 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், அவர்களில் நோயாளிகள் 5 பேர். ஒருவரைக் கண்டுபிடிக்க 399 பரிசோதனை. மாடலே இல்லாமல் முகாமுக்கு வந்த எல்லோருக்கும் பரிசோதனை செய்திருந்தால் சராசரியாக 200 பரிசோதனைக்கு ஒரு நோயாளி கிடைத்திருப்பார்!

பத்தில் ஒருவருக்கு நோய் உள்ள பிரிவில் 10,000 பேரைப் பார்த்தால் அதே இறக்கத்துக்கு 1,900 பேர் சேர்வார்கள், அவர்களில் நோயாளிகள் 100. ஒருவருக்கு 19 பரிசோதனை. அங்கே தாராளமாக இறங்கலாம். ஆக, 90 என்ற தளம் வேதவாக்கு அல்ல. கடைசிப் பட்டையின் விலையைப் பார்த்த பிறகே தளத்தை உறுதி செய்ய வேண்டும்.

## படி 5: ரீகாலைப் பாதையின் கடைசியில் அளங்கள்

இந்த வேலையில் நாங்கள் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தப் படியைத்தான். மாடல் சந்தேகித்ததோடு நோயாளி கண்டுபிடிக்கப்பட்டுவிடவில்லை. அவர் சளி கொடுக்க வேண்டும், பரிசோதனை அதைப் பிடிக்க வேண்டும், முடிவு அவர் கைக்குப் போக வேண்டும்.

சந்தேகிக்கப்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் சோதிக்கத் தகுந்த சளி கொடுக்கிறார்கள், மரபணுப் பரிசோதனையின் ரீகால் 90 சதவீதம் என்று கொள்வோம். ‘அ’ வரம்பில் பிடிபட்ட 45 பேர் 36 ஆகி, பிறகு 32 ஆகிறார்கள். மாடலின் ரீகால் 90, முகாமின் ரீகால் 65.

இப்போது கருவியைப் பாருங்கள். நான்கு அறை உள்ள ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் ஓட 80 நிமிடம் வரை ஆகும். ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் எட்டு மணி நேர வேலைநாளில் 16 பரிசோதனை என்று வைக்கலாம். முகாம் நாளுக்கு 200 பேர் வீதம் 50 நாள் நடக்கிறது. ‘அ’ வரம்பில் நாளுக்கு 60 பேர் சந்தேகப் பட்டியலில் விழுவார்கள், 48 மாதிரி வந்து சேரும். கருவி 16ஐத்தான் முடிக்கும். மீதி 32 குளிர்பெட்டியில் நாளுக்கு நாள் குவியும். மாதிரி பழசாகும், சிலது கசியும், முடிவு வரும்போது ஆள் வேலைக்கு வெளியூர் போயிருப்பார். மூன்றில் ஒரு பங்குதான் நேரத்தோடு முடிந்தது என்றால், கண்டுபிடித்தது 32 பேரை அல்ல, ஏறக்குறைய 11 பேரை.

‘ஆ’ வரம்பில் நாளுக்கு 21 பேர் விழுவார்கள், 17 மாதிரி வரும். ஒரே கருவி சற்று மூச்சுவாங்கினாலும் சமாளித்துவிடும். 40 பேர் பிடிபட்டு, 32 பேர் சளி கொடுத்து, 29 பேர் உறுதியாவார்கள். காகிதத்தில் ரீகால் குறைந்த வரம்புதான் களத்தில் அதிகம் பேரைக் கண்டுபிடிக்கிறது. காசநோய்க்கு முதன்மை அளவுகோல் ரீகால்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பிரிசிஷனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வரிசை நீண்டு அந்த ரீகாலையே தின்றுவிடும்.

மதிப்பெண் அதிகமானவரை முதலில் சோதிப்போம், வரம்பு ‘அ’விலேயே இருக்கட்டும் என்று சில குழுக்கள் சமாளிப்பதுண்டு. அப்படிச் செய்தால் நடைமுறை வரம்பு ‘ஆ’தான். அறிக்கையில் மட்டும் 90 என்று இருக்கும். இரண்டு கருவி கூடுதலாகக் கிடைத்தால் ‘அ’வுக்கு இறங்குங்கள். அதற்கு முன்னால் சளி சேகரிப்பை 80இலிருந்து 90 ஆக்க முயலுங்கள். ‘ஆ’ வரம்பிலேயே அது 3 நோயாளிகளைக் கூடுதலாகத் தரும். வரம்பை இறக்கிப் பெறுவதும் அதே அளவுதான். எக்ஸ்ரே முடிந்ததும் அங்கேயே, காற்றோட்டமான மறைவிடத்தில், எப்படிக் காறித் துப்புவது என்று ஒருவர் செய்துகாட்டி வாங்கினால் போதும். எச்சிலைத் துப்பிய டப்பாக்கள்தான் பாதிப் பிரச்சினை.

## படி 6: இரண்டாவது பிரிசிஷனையும் கணக்கில் எடுங்கள்

சந்தேகப் பட்டியலின் பிரிசிஷன் 1.5 ஆனாலும் 4 ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். சிகிச்சை தொடங்கும் பட்டியலின் பிரிசிஷன் வேறு விஷயம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நோயில்லாதவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

மரபணுப் பரிசோதனையின் ஸ்பெசிஃபிசிட்டி 99 என்று தாராளமாகவே வைப்போம். ‘அ’ வரம்பில் நோயில்லாத 2,388 பேர் சளி கொடுக்கிறார்கள், அவர்களில் 24 பேருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ வரும். உண்மை நோயாளிகள் 32. அதாவது சிகிச்சைப் பட்டியலில் பத்தில் நான்கு பேருக்கு மேல் நோயில்லாதவர்கள். ‘ஆ’ வரம்பில் 29 பேருக்கு 8 பேர், ஐந்தில் ஒருவர்தான். இங்கே அதிகம் மாட்டுபவர்கள் முன்பு காசநோய் வந்து குணமானவர்கள். பழைய தழும்பைப் பார்த்து மாடலும் உயர்ந்த மதிப்பெண் தரும், செத்த கிருமியின் மரபணுவைப் பார்த்து அல்ட்ராவும் ‘டிரேஸ்’ என்று, அதாவது மிகச் சிறிய அளவு இருப்பதாக, காட்டும். இரண்டு சோதனையும் ஒரே ஆளிடம் ஒரே திசையில் தவறுகின்றன. பழைய சிகிச்சை விவரத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேசையிலேயே கேட்டு எழுதிவையுங்கள். அவர்களில் ‘டிரேஸ்’ வந்தவர்களை மருத்துவர் பார்த்து, உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகு முடிவெடுக்கட்டும்.

## படி 7: தவறிப்போனவர்களைத் தேடிப் போங்கள்

முகாம் முடிந்ததும் ‘ரீகால் 100 சதவீதம்’ என்று அறிக்கை வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். வரம்பைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே சளிப் பரிசோதனை நடந்திருக்கும். தாண்டாதவர்களை யாரும் சோதிக்காததால் தவறவிட்டவர்கள் பூஜ்யம் என்று கணக்கு சொல்கிறது. டாக்காவில் 23,954 பேரை வைத்து ஐந்து மென்பொருள்களை ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வின் எண்களை நம்ப முடிவதற்குக் காரணம், மதிப்பெண் எதுவானாலும் எல்லோருக்கும் எக்ஸ்பெர்ட் செய்திருந்தார்கள் என்பதே. வயதானவர்களிடமும் பழைய காசநோய் உள்ளவர்களிடமும் மென்பொருள்கள் தடுமாறியது தெரிந்ததும் அதனால்தான்.

எல்லோருக்கும் செய்ய உங்களால் முடியாது. வரம்புக்குக் கீழே இருப்பவர்களில் ஒரு பகுதியைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வரம்பை ஒட்டிய பட்டையில் பாதிப் பேர், அதற்கும் கீழே 5 சதவீதம் என்று வைக்கலாம். பாதிப் பேரைச் சோதித்து 2 நோயாளிகள் கிடைத்தால் அந்தப் பட்டையில் 4 பேர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். கீழ்ப் பட்டையில் 300 பேரைச் சோதித்து ஒருவரும் கிடைக்காவிட்டால் நிம்மதி அடைய வேண்டாம். பூஜ்யம் கிடைத்தால் மேல் எல்லை ஏறக்குறைய மூன்றை எண்ணிக்கையால் வகுத்தது: 3/300, அதாவது 1 சதவீதம். அந்தப் பட்டையில் 6,000 பேர் இருந்தால் 60 நோயாளிகள் வரை ஒளிந்திருக்க இடம் இருக்கிறது என்று பொருள். முகாமில் மொத்தமே 50 பேர் என்றல்லவா தொடங்கினோம். ஒரு முகாமின் மாதிரியால் ரீகாலைச் சொல்ல முடியாது. பத்து முகாமின் மாதிரிகளைச் சேர்த்து 3,000 ஆனால் எல்லை 0.1 சதவீதத்துக்கு இறங்கும், அப்போது ஏதோ சொல்லலாம்.

அதுவரை தினமும் பார்க்கக்கூடிய எண் ஒன்று உண்டு: வந்தவர்களில் எத்தனை பங்கு பேர் சந்தேகப் பட்டியலுக்குப் போனார்கள். ‘ஆ’ வரம்பில் இது 10 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு வாரம் திடீரென்று 20 ஆனால் மூன்றைப் பாருங்கள்: எக்ஸ்ரே கருவி மாறியதா, முதியோர் அதிகம் வந்தார்களா, மென்பொருள் பதிப்பு மாறியதா. 4 ஆகக் குறைந்தால் இன்னும் அவசரமாகப் பாருங்கள், ஏனென்றால் வரிசை சுருங்கியதில் ஆய்வகம் மகிழ்ந்திருக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பதிப்பு மாறியிருந்தால் பழைய வரம்பு எண்ணுக்குப் புதிய பதிப்பில் அதே பொருள் இருக்கும் என்று எண்ணாதீர்கள். பழைய படங்களைப் புதிய பதிப்பில் ஓட்டி, மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அது முடியும்வரை முகாமில் பழைய பதிப்பே இருக்கட்டும்.